86 பெரிசா, 92 பெரிசா? மெட்ராஸ் காசநோய் ஆராய்ச்சி சொன்ன கணக்கு



போன மாதம் மருந்தறைக்கு ஒரு அம்மா வந்தார். அவர் வீட்டுக்காரருக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இருப்பதாகத் தெரிந்து, மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த அம்மா கையில் ஒரு பழைய புத்தகம். மகன் படித்துக் காட்டினானாம்.

"டிரெஸர் ஐயா, மெட்ராஸில ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்களாம். வீட்டில வச்சுப் பார்த்தவங்கள்ல நூத்துக்கு 86 பேருக்குத்தான் குணமாம். ஆஸ்பத்திரியில வச்சுப் பார்த்தவங்கள்ல 92 பேருக்குக் குணமாம். அப்புறம் எதுக்கு எங்க வீட்டுக்காரரை லயத்துக்கு அனுப்புறீங்க? அந்த ஆறு பேர்ல இவரு ஒருத்தரா இருந்தா நான் என்ன பண்றது?"

கேள்வி நியாயமான கேள்வி. புத்தகத்தில் உள்ள எண்களும் சரிதான். ஆனால் அந்த ஆராய்ச்சியை நடத்திய வைத்தியர்கள் இதே எண்களை வைத்துக்கொண்டு "வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம்" என்றுதான் முடிவு சொன்னார்கள். உலகம் முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. 86-ஐவிட 92 பெரிசுதானே, பிறகு எப்படி? இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

என்ன செய்தார்கள்?

1956-ல் மெட்ராஸ் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் என்று ஒன்று தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் முன்னின்று நடத்தினார்.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்துக்குப் போக வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ கொஞ்சம். புதிதாக வந்த மாத்திரைகளைக் கொடுத்து வீட்டிலேயே குணப்படுத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரைச் சேர்த்தார்கள். யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பதை வைத்தியரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில்தான் பிரித்தார்கள். இது முக்கியம். வைத்தியர் கையில் விட்டிருந்தால், மனசு இரங்கி, ரொம்ப முடியாதவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். அப்புறம் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு என்ன பயன்? குலுக்கினால் நோய் முற்றியவரும் முற்றாதவரும் இரண்டு பக்கமும் கலந்து விழுவார்கள்.

இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டும், ஒரு வருஷம். வருஷக் கடைசியில் சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்துக் கிருமி இல்லை என்று கண்டவர்களைத்தான் குணம் என்று எண்ணினார்கள். முகம் தெளிந்திருக்கிறது, எடை கூடியிருக்கிறது என்பதை வைத்து எண்ணவில்லை. அப்படி எண்ணியபோதுதான் வீட்டில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் நூற்றுக்கு 92 என்று வந்தது. 1959-ல் இதை வெளியிட்டார்கள்.

காராமணிக் கணக்கு

இப்போது ஒரு விளையாட்டு. வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

கணக்குச் சுலபமாக இருக்க, ஒவ்வொரு பக்கமும் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் குணமாகாதவர் 14 பேர். சானடோரியத்தில் குணமாகாதவர் 8 பேர். மொத்தம் 22.

வெள்ளைக் காராமணி 178, சிவப்புக் காராமணி 22 எண்ணி ஒரு பாத்திரத்தில் போடுங்கள். வெள்ளை என்றால் குணமானவர், சிவப்பு என்றால் குணமாகாதவர். நன்றாகக் கலக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு 100 மணியை எடுத்து ஒரு தட்டில் வையுங்கள். மீதி 100 இன்னொரு தட்டு. ஒரு தட்டுக்கு வீடு என்று பெயர், இன்னொன்றுக்குச் சானடோரியம் என்று பெயர்.

இங்கே வீட்டுக்கும் சானடோரியத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. எல்லாம் ஒரே பாத்திரத்துக் காராமணி. அப்படியானால் தட்டுக்குப் பதினொன்றாகச் சிவப்பு விழ வேண்டும் அல்லவா? எடுத்துப் பாருங்கள். ஒரு தடவை 12-10 என்று வரும். ஒரு தடவை 9-13 வரும். 14-8 என்றும் வரும்.

நானும் என் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது தடவை எடுத்தோம். அதில் ஆறு தடவை 14-8 அல்லது அதைவிடப் பெரிய இடைவெளி வந்தது. முறையாகக் கணக்குப் போட்டால், நிறையத் தடவை எடுக்கும்போது சுமார் நாலு தடவைக்கு ஒரு தடவை அப்படி வரும்.

விஷயம் இதுதான். இரண்டு வைத்தியமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தாலும்கூட, வெறும் குலுக்கலாலேயே நாலுக்கு ஒரு தடவை இவ்வளவு வித்தியாசம் தெரியும். அப்படியிருக்க, 86-92 என்ற ஒரு தடவைக் கணக்கைப் பார்த்து "சானடோரியம்தான் மேல்" என்று அடித்துச் சொல்ல முடியுமா? முடியாது. "இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம்" என்று வைத்தியர்கள் எழுதுவதன் பொருள் இதுதான்.

எல்லா வித்தியாசத்தையும் இப்படித் தள்ளிவிட முடியாது. வீட்டில் குணமாகாதவர் 30, சானடோரியத்தில் 8 என்று வந்திருந்தால்? சிவப்பு 38, வெள்ளை 162 போட்டு ஆயிரம் தடவை எடுத்தாலும் 30-8 என்று விழுவது அபூர்வம். அப்படி வந்திருந்தால் அது குலுக்கலின் வேலை இல்லை, வீட்டு வைத்தியத்தில் உண்மையிலேயே கோளாறு இருக்கிறது என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

"வித்தியாசம் நிரூபணமாகவில்லை" என்றால் "சமம்" என்று அர்த்தமா?

இல்லை. இங்கேதான் படித்தவர்களும் சறுக்குவார்கள்.

நம் கொழுந்து நிறுவையையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடை நிறுக்கும் தராசில் ஒரு தங்கத் தோட்டை வைத்தால் முள் அசையாது. அதற்காகத் தோட்டுக்கு எடையே இல்லை என்று சொல்வோமா? அந்தத் தராசுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். ஆராய்ச்சியும் அப்படித்தான். பக்கத்துக்கு நூறு பேர்கூட இல்லாத ஆராய்ச்சி பெரிய வித்தியாசத்தைக் காட்டும், சின்ன வித்தியாசத்தைக் காட்டாது.

இத்தனை பேரை வைத்துக் கணக்குப் போட்டால், உண்மை எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று ஒரு மதிப்பு கிடைக்கும். நூற்றுக்குச் சானடோரியம் ஒரு பதினைந்து பேர் அளவுக்கு மேலாக இருக்கலாம். மூன்று நான்கு பேர் அளவுக்குக் கீழாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இந்த எண்கள் இடம் கொடுக்கின்றன.

அதனால் வைத்தியர்கள் அந்த ஒரு வருஷத்தோடு நிறுத்தவில்லை. அதே நோயாளிகளை ஐந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். ஐந்தாம் வருஷக் கடைசியில் இரண்டு பக்கமும் நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி ஏறக்குறையச் சமமாக நின்றன. முதல் வருஷத்தில் தெரிந்த அந்த ஆறு பேர் இடைவெளி நிலைக்கவில்லை.

நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்தவர்களையும் ஐந்து வருஷம் பார்த்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகம் பேருக்கு நோய் வரவில்லை. காரணம், நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களிலேயே தொற்று பெரும்பாலும் நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து தொடங்கிய பிறகு கிருமி பரப்புவது வேகமாகக் குறைந்துவிடும்.

அந்த எண்களுக்குள் மறைந்திருப்பது

"அப்போ வீட்டில இருந்தாலே போதும்" என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். அந்த 86 வெறுமனே வீட்டில் படுத்திருந்ததால் வந்த எண் அல்ல.

மெட்ராஸ் நிலையத்திலிருந்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உண்மையில் வயிற்றுக்குள் போனதா என்று பார்த்தார்கள். அவ்வளவு கண்காணிப்போடு வந்த எண் அது. கண்காணிப்பு இல்லாத வீட்டுக்கு அந்த எண் பொருந்தாது. யார், எப்படிச் செய்தபோது வந்தது என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

மெட்ராஸ் வைத்தியர்களே இதைக் கண்டுகொண்டார்கள். வீட்டு வைத்தியத்தில் சாப்பாடோ படுக்கையோ பெரிய இடைஞ்சலாக இல்லை. உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்துவதுதான் இடைஞ்சல். அதனால் பிறகு 1960-களில், ஊழியர் கண்ணெதிரே மருந்து விழுங்கும் முறையைச் சோதித்தார்கள். இன்று நம் கிளினிக்கில் "இங்கேயே முழுங்குங்க" என்று தண்ணீர்க் குவளையை நீட்டுகிறார்களே, அந்த வழக்கத்துக்கு மெட்ராஸ் ஆராய்ச்சி ஒரு முக்கிய வேர். மருந்தும் மாறிவிட்டது. இப்போது சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு மருந்து. பழைய 86-ம் 92-ம் பழைய மருந்தின் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த அம்மாவுக்குச் சொன்னது

"அம்மா, அந்த ஆறு பேர் வித்தியாசம் குலுக்கலிலேயும் வரும். ஐந்து வருஷத்தில அது காணாமலும் போச்சு. உங்க வீட்டுக்காரர் லயத்தில படுக்கிறாரா, தானா ராத்தாவில படுக்கிறாரா என்பதில இல்லை விஷயம். ஆறு மாசமும் ஒரு நாள் தவறாம மருந்து உள்ளே போகுதா என்பதிலதான் இருக்கு. இரண்டாம் மாசம் இருமல் நின்னதும் 'எனக்குத்தான் சரியாயிடுச்சே' என்பாரு. அப்போதான் நீங்க விடக்கூடாது."

வீட்டில் இருந்த ஐந்து பேரையும் அழைத்துவரச் சொன்னேன். தெரிவதற்கு முன்பே தொற்றியிருக்கலாம் அல்லவா? எல்லாரையும் பரிசோதனைக்கு அனுப்பினோம், சின்னப் பிள்ளையை முதலில்.

அந்த அம்மா புத்தகத்தை மடித்துக்கொண்டு, "அப்போ எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாங்கிறீங்க" என்றார். "பயப்பட வேண்டாம். எத்தனை பேரை எண்ணினாங்க, எப்படிப் பிரிச்சாங்க, மருந்து எப்படிக் கொடுத்தாங்க என்று மட்டும் கேட்டுக்குங்க" என்றேன்.

மறுநாள் பிரட்டுக்கு முன்னாலேயே கணவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். என் எதிரிலேயே மாத்திரை உள்ளே போனது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தது நானல்ல, அந்த அம்மாதான்.