கிட்னித் தொற்று: ஊசியா, மாத்திரையா, எத்தனை நாள்?

உடம்பைத் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு பக்கமாக வலி, குமட்டல். இதற்கு முன்பே ஓரிரு நாள் நீர்க்கடுப்பு இருந்திருந்தால், டாக்டரின் சந்தேகம் முதலில் சிறுநீரகத்தின் மேல்தான் போகும். குடலில் குடியிருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம். அது சிறுநீர்ப்பைக்குள் நுழைந்து, அங்கிருந்து குழாய் வழியே மேலேறிச் சிறுநீரகத்துக்குள் புகுந்துவிடுகிறது. “மாத்திரை எல்லாம் வேண்டாம் டாக்டர், ஊசியாப் போட்டுடுங்க” என்ற கோரிக்கை எழுவதும் இந்த இடத்தில்தான்.

ஊசிக்கு வேகம் அதிகம் என்ற நம்பிக்கையை இந்த நோயிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1999-இல் அமெரிக்காவில் அலெஹாண்ட்ரோ ஹோபர்மன் குழுவினர், காய்ச்சலுடன் சிறுநீர்த் தொற்று கண்ட, இரண்டு வயதுக்கு உட்பட்ட 306 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முதல் நாளிலிருந்தே வாய்வழியாக செஃபிக்ஸிம். மறு பாதிக்கு மூன்று நாள் நரம்பில் மருந்து, அதன் பிறகு அதே வாய்வழி மருந்து. இரு தரப்பிலும் காய்ச்சல் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரு நாளை ஒட்டி இறங்கியது. சிறுநீரகத்தில் தழும்பு விழுந்ததிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கிருமி அந்த மருந்துக்கு அடங்குமா, மருந்து போதுமான அளவில் சிறுநீரகத்தை எட்டுமா என்ற இரண்டுதான் முக்கியம் என்பது அதில் தெரிந்தது.

அப்படியானால் ஊசி யாருக்கு? விழுங்கியதெல்லாம் வாந்தியாக வெளியே வருபவருக்கு. ரத்த அழுத்தம் இறங்கி, மூச்சு வாங்கி, மனம் தடுமாறுபவருக்கு. கர்ப்பிணிக்கு. கல் அடைத்துச் சிறுநீர் தேங்கியிருப்பவருக்கு. இந்த நால்வரைப் பற்றி உலகெங்கும் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. நம் ஊரில் ஐந்தாவதாக ஒரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளைப் பார்த்தால், ஈ.கோலை கிருமிகளில் பெரும்பகுதி சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மட்டுமல்ல, செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசிகளுக்கும் அடங்குவதில்லை. மேலைநாட்டுப் புத்தகத்தில் முதலில் வரும் மாத்திரையை இங்கே கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது.

மதுரைப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். வயது 36, எடை 60 கிலோ. சர்க்கரை இல்லை, கர்ப்பம் இல்லை, கல் தொந்தரவும் இருந்ததில்லை. திங்கள் மாலை 103 டிகிரி காய்ச்சலோடு வருகிறார். இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறார். மருந்து தொடங்கும் முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுகிறார்கள். இந்த வரிசை மாறக்கூடாது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய இரண்டு மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தால், கல்ச்சரில் கிருமியே வளராமல் போகலாம். அப்போது எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துகொள்ளும் வழியும் அடைபட்டுவிடும்.

செவ்வாய் போய் புதன் வந்தும் காய்ச்சல் குறையவில்லை. வயிற்று ஸ்கேனில் அடைப்பு இல்லை, சீழ் இல்லை. மாலையில் ரிப்போர்ட் வருகிறது: ஈ.கோலை. செஃப்ட்ரியாக்சோன் கேட்காது, சிப்ரோவும் கேட்காது. அமிகாசின், கோட்ரைமாக்ஸசோல், நைட்ரோஃப்யூரன்டாய்ன் மூன்றும் கேட்கும்.

மூன்றில் நைட்ரோஃப்யூரன்டாய்ன் மாத்திரை மலிவு, ரிப்போர்ட்டும் அதைக் கேட்கும் என்கிறது. ஆனாலும் அதை எழுதக்கூடாது. அது சிறுநீரில் மட்டும் செறிவாகச் சேரும் மருந்து. சிறுநீர்ப்பைக் கடுப்புக்கு அருமையாக வேலை செய்யும், சிறுநீரகத் தசைக்குள் போதுமான அளவு போய்ச் சேராது. ஒரே வேளை குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் பொடியும் அப்படித்தான். கிருமியைத் தட்டில் வளர்த்துச் சோதிப்பதுதான் லேப் செய்யும் வேலை. மருந்து உடலில் எந்த மூலைவரை போகும் என்பது அந்தத் தாளில் இருக்காது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மருந்து வாங்குகிறவர்கள் இடறி விழுவது இங்கேதான்.

ஆகவே, ரத்தத்தில் கிரியாட்டினின் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அமிகாசின் போடுகிறார்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 900 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை. நாள் கூடினால் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் அதைக் குறுகிய காலத்துக்கு மட்டுமே பயன்படுத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது, இட்லி வயிற்றில் தங்குகிறது. மாத்திரைக்கு மாற இதுதான் நேரம். சல்ஃபா ஒவ்வாமை இல்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, கோட்ரைமாக்ஸசோல் இரட்டைப் பலம் கொண்ட மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று.

எத்தனை நாளைக்கு? பழைய வழக்கம் 14 நாள். 2012-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று அதை ஆட்டிவைத்தது. சிறுநீரகத் தொற்று வந்த பெண்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசினை 7 நாள் கொடுத்ததில் 97 சதவீதமும், 14 நாள் கொடுத்ததில் 96 சதவீதமும் குணமானார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் அதே திசையில் போக, இன்று சிக்கல் இல்லாமல் தேறிவருபவருக்கு சிப்ரோ வகை மருந்தென்றால் 5 முதல் 7 நாள், மற்ற பெரும்பாலான மருந்துகளுக்கு 7 நாள் என்று வந்து நிற்கிறது.

ஆனால் அந்த ஏழு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில் பலரும் தவறுகிறார்கள். ஆசிரியைக்கு திங்களன்று சிகிச்சை தொடங்கிவிட்டது, உண்மைதான். கிருமியிடம் எடுபடாத மருந்து ஓடிய அந்த இரண்டு நாளைக் கணக்கில் சேர்க்க முடியாது. வேலை செய்யும் மருந்து புதன் மாலைதான் உள்ளே போனது. புதனை முதல் நாளாக எண்ணினால், அடுத்த செவ்வாய் ஏழாவது நாள். ஊசி இரண்டு நாள், மாத்திரை ஐந்து நாள், அவ்வளவுதான். மாத்திரைக்கு மாறிய நாளிலிருந்து மறுபடி ஒன்று என்று தொடங்க வேண்டியதில்லை. ஊசி போட்ட நாட்களும் இதே கணக்கில் அடக்கம்.

ஏழு நாள் எல்லோருக்கும் பொருந்தாது. 2023-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த ஆண்களுக்கு ஆஃப்ளாக்சசின் 7 நாள் கொடுத்தபோது 56 சதவீதம் பேருக்கே சிகிச்சை வெற்றி. 14 நாள் கொடுத்தவர்களில் அது 78 சதவீதம். ஆண்களில் கிருமி புராஸ்டேட் சுரப்பிக்குள் ஒளிந்துகொள்ள இடமிருப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக 14 நாள் கொடுக்கிறார்கள். சீழ் கட்டியிருந்தால் நாட்கணக்கே கிடையாது. சீழ் வற்றும்வரை சிகிச்சை நீளும்.

சரியான மருந்து போட்டாலும் முதல் இரண்டு நாள் காய்ச்சல் விட்டுவிட்டு வரலாம், அதற்காக மருந்தை மாற்ற வேண்டியதில்லை. 72 மணி நேரம் ஆகியும் இறங்காவிட்டால், மருந்தின் பெயரோடு நிறுத்தாமல் சிறுநீரகத்தையே மறுபடி பார்க்க வேண்டும். கல் அடைத்த சிறுநீரகத்தில் தொற்று இருந்தால், எந்த ஊசியும் தனியாக அதை வெல்லாது. சிறுநீர்க் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தோ, முதுகு வழியே குழாய் செருகியோ தேங்கியதை அன்றே வடிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளில் அபூர்வமாகச் சிறுநீரகத்துக்குள் கிருமிகள் வாயுவை உண்டாக்கிவிடும், அதைத் தெளிவாகக் காட்டுவது சி.டி. ஸ்கேன்.

மாத்திரைப் பட்டையின் மேலும் ஒரு கண் வைக்க வேண்டும். எழுதித் தந்தது சிப்ரோ அல்லது லீவோஃப்ளாக்சசின் என்றால், இரும்புச்சத்து, கால்சியம், ஆன்டாசிட் ஆகியவற்றை அதோடு சேர்த்து விழுங்கக்கூடாது. பாலோடும் குடிக்கக்கூடாது. வயிற்றிலேயே அவை மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போவது குறைந்துவிடும். மாத்திரையை இரண்டு மணி நேரம் முந்தியோ, ஆறு மணி நேரம் பிந்தியோ போட்டால் தப்பிக்கலாம்.

ஆசிரியைக்கு செவ்வாயோடு மருந்து முடிகிறது. காய்ச்சலும் வலியும் இல்லாவிட்டால், சரியாகிவிட்டதா என்று பார்க்க இன்னொரு கல்ச்சர் எடுக்க வேண்டியதில்லை. கர்ப்பமாக இருந்திருந்தால் எடுத்திருப்பார்கள்.