40 அங்குல மார்புக்கு எந்த எழுத்து?

மார்பளவு 40 அங்குலம் உள்ள ஒருவர் இணையத்தில் வெளிநாட்டுச் சட்டை வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான அமெரிக்க அட்டவணைகளில் 38 முதல் 40 வரை M. ஆகவே அவருக்கு M. ஜப்பானியத் தர அளவில் அவர் L. சீனாவில் உள்ளூர் விற்பனைக்காகத் தைத்த சட்டை என்றால் XXL வரை போக வேண்டியிருக்கும். இந்த எழுத்துகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாடும், பல சமயம் ஒவ்வொரு கம்பெனியும், தன் வாடிக்கையாளரின் சராசரி உடம்பை நடுவில் வைத்து M என்று பெயர் கொடுத்துவிட்டு, அதிலிருந்து மேலும் கீழும் போகிறது. அதனால் எழுத்தில் தொடங்கக் கூடாது. எண்ணில் தொடங்கி, எழுத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும்.

அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். “என் சட்டை சைஸ் 40” என்று சொல்பவர்களில் நிறையப் பேர் அது மார்பளவு என்றே நினைக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் ஆயத்தச் சட்டையின் காலரில் 38, 39, 40, 42, 44 என்று இருப்பது பெரும்பாலும் கழுத்துச் சுற்றளவு, அதுவும் சென்டிமீட்டரில். அந்த வரிசையில் 39 நுழைந்திருப்பதே அதற்கு அடையாளம். மார்பு அங்குலமாக இருந்தால் இரண்டிரண்டாகத்தான் ஏறும். 40 என்ற எண் இரண்டு அளவுக்கும் பக்கத்தில் விழுவதால் குழப்பம் வெளியே தெரிவதில்லை. பனியன் அப்படியல்ல. பனியன் பெட்டியில் உள்ள 85, 90, 95, 100 என்பவை மார்பளவுதான், சென்டிமீட்டரில். பத்து வருடமாக 100 பனியன் போடுகிறவருக்குத் தன் மார்பளவு சுமாராகக் கையிலேயே இருக்கிறது.

ஆனாலும் இஞ்சு டேப்பை எடுத்து ஒருமுறை அளப்பதே நல்லது. டேப் அக்குளுக்கு அடியில், மார்பின் அகலமான இடத்தின் மேல் வர வேண்டும். முதுகுப் பக்கம் அது கீழே சரிந்துவிடாமல் இன்னொருவர் பார்த்துக்கொள்வது நலம். கைகளைத் தொங்கவிட்டு, இயல்பாக மூச்சுவிட்டபடி அளக்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்தினால் அளவு கூடிவிடும். வந்த அங்குலத்தை 2.54-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர். 40 அங்குலம் 101.6 சென்டிமீட்டர்.

இப்போது அட்டவணைக்கு வருவோம். ஜப்பானில் ஆண்களுக்கான தர அளவில் M என்பது 88 முதல் 96 வரை, L என்பது 96 முதல் 104 வரை. நம்மவரின் 101.6 L-க்குள் வசதியாக அமர்கிறது. ஐரோப்பியத் தர அளவில் M 94 முதல் 102 வரை. அங்கே அவர் M-இன் விளிம்பில் நிற்கிறார். சற்றுத் தளர்வாகப் போடப் பிடிக்கும் என்றால் L எடுப்பதே சரி. பெண்களுக்கான பட்டியல் தனி. அதே ஐரோப்பியத் தரத்தில் பெண்களின் M 90 முதல் 98 வரை. ஆகவே ஆண், பெண் என்று எந்த அட்டவணை திறந்திருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீனத் துணிகளின் பட்டையில் 175/92A என்பது போல ஒரு குறி இருக்கும். முதல் எண் உயரம், இரண்டாவது மார்புச் சுற்றளவு, இரண்டுமே உடம்பின் அளவுகள், சென்டிமீட்டரில். கடைசி எழுத்து மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வது. A என்றால் சாதாரண உடல்வாகு. இந்தக் குறி கிடைத்துவிட்டால் பக்கத்தில் L என்று போட்டிருக்கிறதா XL என்று போட்டிருக்கிறதா என்று கவலைப்பட வேண்டியதில்லை. நடு எண் நம் மார்பளவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

ஆனால் பெரிய தவறு நடப்பது வேறு இடத்தில். அட்டவணையில் இருக்கும் எண் உடம்பின் அளவா, தைத்து முடித்த துணியின் அளவா? இரண்டையும் அட்டவணைகள் வெறுமனே ‘மார்பு’ என்றே குறிப்பிடுகின்றன. உடம்பைவிடச் சட்டை பெரிதாக இருந்தால்தான் மூச்சுவிடவும் கையைத் தூக்கவும் முடியும். தையற்காரர் நம்மை அளந்துவிட்டு ‘லூஸ்’ சேர்ப்பது இதற்காகத்தான். நெய்த துணியில் சாதாரணச் சட்டைக்கு 8 முதல் 12 சென்டிமீட்டர் வரை லூஸ் வேண்டும். இழுத்தால் விரியும் பின்னல் துணியில் டிஷர்ட் என்றால் அதைவிடக் குறைவாகவே போதும்.

ஒரு சட்டைக்கு அட்டவணை இப்படி இருக்கிறது: M 104, L 108, XL 112, XXL 116. நம்மவர் 101.6 என்ற தன் அளவை வைத்துக்கொண்டு, “104-இல் அடங்கிவிடும்” என்று M-ஐத் தேர்ந்தெடுக்கிறார். அந்த எண்கள் துணியின் அளவாக இருந்தால் அவருக்குக் கிடைக்கும் லூஸ் வெறும் இரண்டரை சென்டிமீட்டர். நிற்கும்போது சட்டை நுழையும். உட்கார்ந்ததும் பொத்தான்களுக்கு இடையே வாய் பிளக்கும். அவர் செய்ய வேண்டியது 101.6-உடன் 10 கூட்டுவது. வருவது 111.6. அவருக்கு XL.

எந்த அளவு என்று கண்டுபிடிக்க எண்களே துப்புக் கொடுக்கும். 94–102 என்று வரம்பாகக் கொடுத்திருந்தால் அது உடம்பின் அளவு. ஒற்றை எண்ணாக இருந்து, பக்கத்தில் தோள் அகலம், கை நீளம், சட்டை உயரம் எல்லாம் இருந்தால் பெரும்பாலும் துணியின் அளவு. M-க்கு நேராக 52, 54 என்று இருந்தால் அது துணியை மேசையில் விரித்து ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை எடுத்த அரை அளவு. இரண்டால் பெருக்க வேண்டும். திருப்பூரில் ஏற்றுமதிப் பின்னலாடையைச் சோதிப்பவர்களும் இப்படி விரித்துப் போட்டுத்தான் மார்பை அளக்கிறார்கள். சில சீன அட்டவணைகள் எடையையும் சேர்த்துத் தரும். அங்கே 140 என்று கண்டால் மிரள வேண்டாம். அவர்களுடைய ஜின் என்ற அளவு அரைக் கிலோ; 140 ஜின் என்பது 70 கிலோ.

அளவு துணியுடையது என்று தெரிந்துவிட்டால், இஞ்சு டேப்பை உடம்பில் வைப்பதைவிட நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையில் வைப்பது இன்னும் துல்லியம். பொத்தான்களைப் பூட்டி, சுருக்கம் இல்லாமல் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்குங்கள். நமக்குப் பிடித்த லூஸ் அதிலேயே சேர்ந்திருக்கிறது. அதே மாதிரித் துணியில், அதே மாதிரித் தையலில் உள்ள சட்டையோடு ஒப்பிட்டால்தான் இது பலிக்கும். டிஷர்ட்டை அளந்துவிட்டு நெய்த சட்டை வாங்கினால் இறுக்கிப் பிடிக்கும்.

இவ்வளவு பார்த்தாலும் ஒரு எல்லை உண்டு. அட்டவணையின் அடியில், கையால் அளந்ததால் 2, 3 சென்டிமீட்டர் கூடலாம் குறையலாம் என்று பொடி எழுத்தில் பல கடைகள் போட்டிருக்கும். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடைவெளியே 4 சென்டிமீட்டர் என்னும்போது இது சிறிய விஷயமல்ல. பருத்தி என்றால் துவைத்ததும் கொஞ்சம் சுருங்கும். 112 சென்டிமீட்டர் சட்டை மூன்று சதவீதம் சுருங்கினாலே 3 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் நிற்கிறவர் பெரியதை எடுப்பதுதான் என் பரிந்துரை. மார்பில் மிகுந்திருந்தால் பக்கத் தையலில் பிடித்துத் தர எந்தத் தையற்கடையாலும் முடியும். தோள் குறுகலாக வந்துவிட்டால் அதை விரிக்க யாராலும் முடியாது. அதனால் மார்பை வைத்து எழுத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்த வரியிலேயே இருக்கும் தோள் அகலத்தையும் பழைய சட்டையின் தோளோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.