பங்கு வெளியீட்டுச் செலவை எங்கே எழுதுவது?

பங்கு விற்பனைக்கு வரும் நிறுவனம் வெளியிடும் ப்ராஸ்பெக்டஸ் பல நூறு பக்கம் ஓடும். அதில் வெளியீட்டின் நோக்கங்களைச் சொல்லும் பகுதிக்குள் ஒரு சின்ன அட்டவணை உண்டு. வெளியீட்டை நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கர்களின் கட்டணம், தரகர் கமிஷன், பதிவாளர் கட்டணம், வக்கீல், ஆடிட்டர், விளம்பரம், அச்சு, பங்குச்சந்தைக்கும் செபிக்கும் கட்டும் தொகை என்று வரிசையாக இருக்கும். திரட்டும் பணத்திலிருந்து இவற்றைக் கழித்தபிறகு நிற்பதுதான் தொழிற்சாலை கட்டக் கிடைக்கும் பணம்.

சீட்டு எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. கம்பெனி தன் கமிஷனைக் கழித்துக்கொண்டுதான் பணத்தைக் கையில் கொடுக்கும். பங்கு வெளியீட்டில் அந்தக் கமிஷன் எவ்வளவு என்பது பெரும்பாலும் வெளியீட்டின் அளவைப் பொறுத்தது. 2012இல் ஃபேஸ்புக் நிறுவனப் பங்குகள் 1,600 கோடி டாலருக்கு விற்கப்பட்டபோது வங்கிகள் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 1.1 சதவீதம்தான். 2 கோடி முதல் 8 கோடி டாலர் வரை திரட்டிய நடுத்தர அமெரிக்க நிறுவனங்களோ 1990களின் பிற்பகுதியில் பெரும்பாலும் அச்சடித்தாற்போல 7 சதவீதம் கொடுத்தன. சென், ரிட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் இதை எடுத்துக்காட்டியபோது நிதித்துறையில் பெரிய விவாதமே எழுந்தது. ரிட்டர் பங்கேற்ற இன்னொரு ஆய்வு 1990–94 காலத்து அமெரிக்க வெளியீடுகளை அலசியது. முதன்முறை பங்கு விற்றவர்களுக்குச் சராசரியாக 11 சதவீதமும், ஏற்கெனவே சந்தையில் இருந்துகொண்டு புதுப் பங்கு விற்றவர்களுக்கு 7.1 சதவீதமும் செலவானது. சாதாரணக் கடன் பத்திரத்துக்கு ஆனது 2.2 சதவீதம்தான்.

இந்தச் செலவை யாரும் மறுப்பதில்லை. ஒரு புதிய திட்டம் தேறுமா தேறாதா என்று கணக்குப் போடும்போது இதை எந்த வரியில் எழுதுவது என்பதில்தான் தகராறு.

பல பாடப்புத்தகங்கள் சொல்லித்தந்த வழி, செலவை விகிதத்துக்குள் சேர்த்துவிடுவது. ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பங்கு 100 ரூபாய்க்கு விற்கிறது. அடுத்த ஆண்டு 5 ரூபாய் டிவிடெண்ட் கிடைக்கும், அது ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்துகொண்டே போகும் என்று முதலீட்டாளர்கள் நம்புகிறார்கள். அப்படியானால் அவர்கள் எதிர்பார்க்கும் வருமானம் 5 சதவீதமும் 8 சதவீதமும் சேர்ந்த 13 சதவீதம். பங்கு மூலதனத்துக்கு நிறுவனம் கொடுக்கும் விலை அதுதான். புதுப் பங்கு விற்க 6 சதவீதம் செலவாகிறது என்றால் நிறுவனத்தின் கைக்கு வருவது 94 ரூபாய். ஐந்தை 94ஆல் வகுத்தால் 5.32 சதவீதம். அதனோடு 8ஐக் கூட்டினால் 13.32. இனி திட்டத்தின் வரவுகளை எல்லாம் 13க்குப் பதிலாக 13.32 சதவீதத்தில் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது அந்த வழி.

பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கிறது. இதே நிறுவனத்தின் ஒரு திட்டத்தில் போட்டுப் பார்த்தால்தான் சங்கதி வெளிவரும்.

திட்டத்துக்குத் தேவை 100 கோடி ரூபாய். முழுவதையும் புதுப் பங்கு விற்றே திரட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் ஐந்து ஆண்டு ஓடும், ஆண்டுக்கு 29.5 கோடி வரவு. 13.32 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் அந்த ஐந்தாண்டு வரவின் இன்றைய மதிப்பு 102.96 கோடி. முதலீடு 100 கோடியைக் கழித்தால் 2.96 கோடி மிச்சம். திட்டம் தேறிவிட்டது, இயக்குநர் குழு கையெழுத்துப் போடலாம்.

இப்போது பணம் நடக்கிற வழியிலேயே கணக்கு நடக்கட்டும். 100 கோடி கையில் நிற்க எவ்வளவு திரட்ட வேண்டும்? 106 கோடி என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் 106 கோடியில் 6 சதவீதம் போனால் 99.64 கோடிதான் மிஞ்சும். நூறை 0.94ஆல் வகுத்து 106.38 கோடி திரட்ட வேண்டும். ஆக, முதல் நாளிலேயே 6.38 கோடி வெளியே போய்விடுகிறது. வரவுகளை முதலீட்டாளர் உண்மையில் கேட்கும் 13 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் 103.76 கோடி. அதிலிருந்து 106.38ஐக் கழித்தால் 2.62 கோடி நஷ்டம். அதே திட்டம், அதே செலவு. ஒரு முறையில் தேறுகிறது, இன்னொன்றில் தோற்கிறது.

விகிதத்தை உயர்த்தியதால் வரவின் மதிப்பு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் காரணம் பிடிபடும். 103.76 கோடி 102.96 ஆனது. 80 லட்சம் குறைவு. கைவிட்டுப் போனதோ 6.38 கோடி. மிச்சம் ஐந்தரைக் கோடிக்கு மேல் கணக்கிலேயே ஏறவில்லை. 13.32 என்ற எண் பிறந்தது, டிவிடெண்ட் முடிவே இல்லாமல் வளர்ந்துகொண்டு போகும் என்ற அனுமானத்தில். முடிவில்லாத காலத்துக்குச் சிறுகச் சிறுகப் பிடித்தால்தான் அந்த 0.32 முழுச் செலவையும் ஈடுகட்டும். ஐந்தே ஆண்டில் முடியும் திட்டத்திடம் அது கொஞ்சம்தான் வசூலிக்கும்.

பிழை எப்போதும் திட்டத்துக்குச் சாதகமாகவே இருக்கும் என்றும் இல்லை. இதே நிறுவனம் 100 கோடியில் தேக்குத் தோப்பு போடுகிறது என்று வையுங்கள். முப்பதாம் ஆண்டில் ஒரே வெட்டு, ஒரே வரவு. 13 சதவீதத்தில் அந்த வரவின் இன்றைய மதிப்பு 108 கோடி. 106.38ஐக் கழித்தால் 1.62 கோடி லாபம், தாராளமாக நடலாம். 13.32இல் போட்டாலோ முப்பது ஆண்டும் கூடுதல் விகிதம் அரித்து அரித்து மதிப்பு 99.24 கோடியாகச் சுருங்கிவிடும். நல்ல திட்டம் 76 லட்சம் நஷ்டம் என்று ஒதுக்கப்படும். பங்கு விற்ற செலவு இரண்டு திட்டத்துக்கும் ஒன்றுதான். ஒன்றிடம் எட்டில் ஒரு பங்கையும் இன்னொன்றிடம் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும் வாங்குகிறது ஒரே விகிதம்.

1976இலேயே எசல், போர்ட்டர் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் இதை வாதிட்டு எழுதினார்கள். வெளியீட்டுச் செலவு ஒருமுறைச் செலவு, அதைத் திட்டத்தின் தொடக்கச் செலவாக எழுத வேண்டும், விகிதத்தைத் தொடக்கூடாது என்பது அவர்கள் நிலை. தள்ளுபடி விகிதம் என்பது முதலீட்டாளர் தன் பணத்துக்கு இருக்கும் ஆபத்தைப் பார்த்துக் கேட்கும் கூலி. மெர்ச்சன்ட் பேங்கருக்குக் கொடுத்த கட்டணத்தால் அந்த ஆபத்து கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. லாரி வாங்கச் சீட்டு எடுத்தவர் கமிஷனை லாரியின் விலையோடு சேர்த்துத்தான் பார்ப்பார். லாரி ஓடும் ஒவ்வொரு ஆண்டின் வருமானத்தையும் அதற்காகக் குறைத்து மதிப்பிட மாட்டார்.

இந்தியத் திட்ட அறிக்கைகளில் இன்னொரு குழப்பம் வர இடமுண்டு. இங்கே நிதி நிறுவனங்களுக்காகத் தயாராகும் அறிக்கைகளில் நிலம், கட்டடம், இயந்திரம் ஆகியவற்றோடு ‘தொடக்க மற்றும் மூலதன வெளியீட்டுச் செலவுகள்’ என்ற தலைப்பும் திட்டச் செலவிலேயே இடம்பெறுவது நெடுநாள் வழக்கம். அது சரியான இடம்தான். ஆனால் அறிக்கையின் பின்பகுதியில் கணக்குப் போடுபவர் புத்தகச் சூத்திரத்தின்படி விகிதத்தையும் உயர்த்திவிட்டால் ஒரே செலவு இரண்டு முறை விழுகிறது. கண்டுபிடிப்பது எளிது. திட்டச் செலவுப் பட்டியலில் இந்தத் தலைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பங்கு மூலதனத்தின் விலையைக் கணக்கிட்ட இடத்தில் டிவிடெண்டைச் சந்தை விலையால் வகுத்தார்களா, செலவு போன நிகர விலையால் வகுத்தார்களா என்று பார்க்க வேண்டும். தலைப்பும் இருந்து நிகர விலையும் இருந்தால் இரட்டைக் கணக்கு.

எந்தப் பணத்துக்கு இந்தச் செலவு உண்டு என்பதிலும் கவனம் வேண்டும். நிறுவனம் தன் லாபத்தைப் பிரித்துக் கொடுக்காமல் திட்டத்தில் போட்டால் தரகரும் இல்லை, அச்சும் இல்லை. 100 கோடியில் 60 கோடி அப்படி வந்தால் மிச்ச 40 கோடிக்குத்தான் செலவு. நாற்பதை 0.94ஆல் வகுக்க 42.55 கோடி, செலவு 2.55 கோடி. உயர்த்திய விகிதத்தை முழு 100 கோடிக்கும் போடுகிறவர்கள், விற்காத பங்குக்கும் தரகு கட்டுகிறார்கள். மறுபக்கம், ஐபிஓ என்று பெயர் இருந்தாலே திட்டத்துக்குப் பணம் வந்தது என்றும் ஆகாது. 2022இல் எல்ஐசி வெளியீட்டில் 20,000 கோடிக்கு மேல் திரண்டது. விற்கப்பட்டவை மத்திய அரசு வைத்திருந்த பங்குகள், பணமும் அரசுக்கே போனது. எல்ஐசிக்குப் புதுமூலதனம் வரவில்லை.

கடைசியாக வரி. இதில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் படிக்கலாம். இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 40 லட்சம் ரூபாய் கடன் வாங்க, முத்திரைத்தாள், பதிவு, வக்கீல் கட்டணம் என்று செலவழித்தது. அது அன்றாடத் தொழில் செலவுதான், வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று 1965இல் தீர்ப்பானது. பங்கு வெளியிட்ட செலவைக் கழிக்கக் கேட்ட புரூக் பாண்ட் இந்தியாவுக்கு 1997இல் மறுப்பு வந்தது. பங்கு மூலதனத்தைப் பெருக்கும் செலவு மூலதனச் செலவே என்றது நீதிமன்றம். ஆகவே கடனுக்கான வெளியீட்டுச் செலவில் ஒரு பகுதி வரிச் சலுகையாகத் திரும்புகிறது, பங்குக்கான செலவு பொதுவாக அப்படியே தங்கிவிடுகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 35டி பிரிவு, புதுத் தொழில் தொடங்கவோ விரிவாக்கவோ ஆன அண்டர்ரைட்டிங் கமிஷன், தரகு, ப்ராஸ்பெக்டஸ் செலவு போன்றவற்றை ஐந்து ஆண்டில் சம பங்காகக் கழிக்க விட்டது. ஆனால் திட்டச் செலவில் 5 சதவீதம் என்ற வரம்பு வைத்தது. நம் ஐந்தாண்டுத் திட்டத்தின் செலவை 100 கோடியாகவே எடுத்துக்கொண்டால் வரம்பு 5 கோடி, ஆண்டுக்கு 1 கோடி. வரி 25 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 25 லட்சம் மிச்சமாகும். ஐந்தாண்டுக்கும் சேர்த்து அதன் இன்றைய மதிப்பு 13 சதவீதத்தில் சுமார் 88 லட்சம். செலவைத் தனி வரியில் எழுதியவர் இந்தச் சலுகையையும் அந்தந்த ஆண்டில் எழுதிவிடுவார், விகிதத்தில் சேர்த்தவருக்கு அதை வைக்க இடமே இருக்காது. 88 லட்சத்தைச் சேர்த்தபிறகும் அந்தத் திட்டம் 1.74 கோடி பள்ளத்தில்தான் நிற்கிறது.