பாடம் பதிய எந்த மைக்: யூஎஸ்பியா, எக்ஸ்எல்ஆரா?

வீட்டில் பாடம் பதிந்து யூடியூபில் போட நினைக்கும் ஆசிரியர், மைக் வாங்கக் கிளம்பியதும் முதலில் மாட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். யூஎஸ்பி மைக்கை நேராக லேப்டாப்பில் செருகிவிடலாம். எக்ஸ்எல்ஆர் என்பது மூன்று பின் கொண்ட வட்டமான கனெக்டர். கல்யாண மண்டபத்து மேடை மைக்கின் அடியில் இருக்குமே, அதேதான். இதை லேப்டாப்பில் நேராகச் செருக முடியாது. நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி வேண்டும். “ஸ்டுடியோக்காரங்க எல்லாரும் எக்ஸ்எல்ஆர்தான் சார் வாங்குறாங்க” என்பார் கடைக்காரர். அவர் சொல்வது உண்மைதான். ஸ்டுடியோக்காரர்களுக்கு இருக்கும் காரணம் உங்களுக்கும் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

அந்தக் காரணம் வயருக்குள் இருக்கிறது. மைக்கிலிருந்து வரும் மின்சைகை மிகச் சன்னமானது. நீளமான வயரில் போகும்போது வழியில் உள்ள கரண்ட் வயர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றின் இரைச்சலும் அதில் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்எல்ஆர் கேபிள் அதே குரலை இரண்டு கம்பிகளில் அனுப்புகிறது, ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் அடிபட்டுப் போய்க் குரல் மிஞ்சும். மேடையிலிருந்து மண்டபத்தின் பின்பக்கம் வரை கேபிள் இழுப்பவருக்கு இது பெரிய வரம். உங்கள் மேசையில் மைக்குக்கும் லேப்டாப்புக்கும் இருப்பதோ ஒரு மீட்டர். யூஎஸ்பி மைக் வேலையைத் தனக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது. குரலைப் பெருக்கி, எண்களாக மாற்றி, எண்களை மட்டும் வயரில் அனுப்புகிறது. அவ்வளவு குறைந்த தூரத்தில் கேட்பவர் காதுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் எது தெரியும்? திருச்சியில் பிளஸ் ஒன் இயற்பியல் எடுக்கும் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். மொசைக் தரை, வெறும் சுவர், மேலே சுழலும் ஃபேன், ஜன்னலுக்கு வெளியே தெரு. மேசையில் உட்கார்ந்து தாளில் கணக்குப் போட்டுக்கொண்டே பேசுகிறார். மைக் லேப்டாப்புக்குப் பக்கத்தில், வாயிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. பதிவைப் போட்டுக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது. மைக் சரியில்லை என்று அடுத்த மைக்கைத் தேடுகிறார்.

மைக்கை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். தூரம் பாதியானால் வாயிலிருந்து நேராக வரும் குரலின் வலு 6 டெசிபல் கூடும். 60-ஐ 30 ஆக்கி, 30-ஐ 15 ஆக்கினால் 12 டெசிபல், அதாவது சைகை நான்கு மடங்கு. ஃபேன் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அப்படியேதான் இருக்கும். இப்போது மைக்கின் கெயின் குமிழை அதே 12 டெசிபல் இறக்கினால் குரல் பழைய அளவுக்கு வரும், ஃபேனும் எதிரொலியும் அடங்கிவிடும். இந்த மாற்றத்தை எந்தக் கனெக்டரும் தராது. மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வைத்தால் ‘ப’, ‘ப்ப’ வரும்போது மூச்சு அடிக்காது.

அடுத்து பார்க்க வேண்டியது கன்டென்சரா, டைனமிக்கா என்பது. யூஎஸ்பியிலும் இரண்டு வகையும் உண்டு, எக்ஸ்எல்ஆரிலும் உண்டு. கன்டென்சர் நுணுக்கமான காது உடையது; பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் விடாது. டைனமிக் மந்தமான காது. கிட்டே வந்து பேசினால்தான் நன்றாகக் கேட்கும். ஒலி அடைக்காத நம் வீட்டு அறைக்கு அந்த மந்தம்தான் நல்லது. கடைகளில் அதிகம் கண்ணில் படுவது கன்டென்சர் என்பது வேறு கதை.

ஆன்லைனில் மலிவாக ஒரு செட் விற்கிறார்கள்: கன்டென்சர் மைக், மடக்கு ஸ்டாண்டு, ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆரும் மறுபக்கம் ஹெட்போன் பின்னும் உள்ள வயர். முழு அளவு எக்ஸ்எல்ஆர் கன்டென்சருக்குப் பொதுவாக 48 வோல்ட் தேவை, அதைத் தருவது இன்டர்ஃபேஸ். லேப்டாப்பின் மைக் துளை தருவது சில வோல்ட்தான். அதில் செருகினால் குரல் சன்னமாகவும் ‘உஸ்’ சத்தம் பெரிதாகவும் கேட்கும். எக்ஸ்எல்ஆரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பலன் ஒன்றுமே கிடைக்காத நிலை இது. இன்டர்ஃபேஸ் வாங்கியவர்களும் அதிலுள்ள 48 வோல்ட் பட்டனை அழுத்த மறந்து, மைக் செத்துவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போவதுண்டு.

யூஎஸ்பிக்கும் ஒரு நோய் உண்டு. பதிவில் ‘ஙொய்’ என்று மெல்லிய ரீங்காரம் கேட்டால், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டி மறுபடி பதிந்து பாருங்கள். ரீங்காரம் நின்றால் குற்றம் மைக்குடையது அல்ல. எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட்டும் சார்ஜரும் யூஎஸ்பி வழியே உள்ளே நுழைகின்றன. பாடம் பதியும் அரை மணி நேரம் பேட்டரியில் ஓட்டுவதே சுலபமான வைத்தியம். எழுதிக்கொண்டே பேசுபவருக்கு இன்னொரு தொல்லை, பேனா மேசையில் படும் ‘டொக் டொக்’. மைக் அதே மேசையில் நின்றால் மரத்தின் வழியே அது ஏறிவிடும். ஸ்டாண்டுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள். தரையில் நிற்கும் ஸ்டாண்டு என்றால் இன்னும் நல்லது.

எக்ஸ்எல்ஆருக்கு நியாயமான இடம் இரண்டு. ஒன்று, இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் பாடம். இரண்டு யூஎஸ்பி மைக்குகளை ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்துப் பதிவது தலைவலி. இரண்டு துளை உள்ள இன்டர்ஃபேஸில் அது சாதாரண வேலை. மற்றொன்று பழுது. யூஎஸ்பி மைக்கில் செருகும் துளை ஆட்டம் கண்டால் பெரும்பாலும் மொத்த மைக்கும் போயிற்று. எக்ஸ்எல்ஆரில் கேபிள் போனால் கேபிளை மட்டும் மாற்றலாம்.

பிரபல யூடியூபர்களின் முகத்துக்கு முன்னால் தெரியும் கறுப்பு உருளை, ஷூர் எஸ்எம்7பி, அருமையான மைக்தான். ஆனால் அதைப் பேச்சுக்குக் கொண்டுவர 60 டெசிபல் அளவுக்குப் பெருக்க வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸ்கள் அதற்கு மூச்சு வாங்கும். படத்தில் அழகாகத் தெரிகிறது என்பதற்காக அதை வாங்க வேண்டாம்.

போர்டுக்கு முன் நின்று நடந்துகொண்டே எடுப்பவருக்கு மேசை மைக் எதுவுமே உதவாது. அவருக்கு வேண்டியது சட்டையில் குத்தும் வயர்லெஸ் காலர் மைக்.

உட்கார்ந்து தனியாகப் பதிபவர் என்றால் என் தீர்ப்பு: யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டு துளையும் உள்ள டைனமிக் மைக். சாம்சன் க்யூ2யூ அப்படிப்பட்டது. இன்று யூஎஸ்பியில் செருகிப் பாடம் பதியலாம்; நாளை இரண்டாவது ஆள் வந்தால் இன்டர்ஃபேஸும் இன்னொரு மைக்கும் வாங்கினால் போதும். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஃபேனை நிறுத்தி, உங்கள் போனை வாயிலிருந்து ஒரு சாணுக்குள் பிடித்து, ஒரு நிமிடப் பாடத்தைப் பதிந்து ஹெட்போனில் கேளுங்கள். அதுவே தெளிவாக இருந்தால், மைக் வாங்குவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்கலாம்.