பரிந்துரையை வாடிக்கையாளரிடம் கேட்டால் என்ன?

வேலையை விட்டு விலகும்போது நிறுவனம் தரும் அனுபவச் சான்றிதழைப் படித்துப் பாருங்கள். எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார், பதவி என்ன, நடத்தை நன்று. பெரும்பாலும் அவ்வளவுதான். அந்த ஆள் என்ன வேலை செய்தார், அதனால் யாருக்கு என்ன நடந்தது என்பது அந்தக் காகிதத்தில் இருக்காது.

இது மேலாளரின் கஞ்சத்தனம் இல்லை. பெரிய நிறுவனங்கள் பலவற்றில், தேதியும் பதவியும் தவிர வேறெதையும் எழுத்தில் தரக்கூடாது என்று மனிதவளத் துறை விதி வைத்திருக்கிறது. வெளிநாடுகளில் இந்த எச்சரிக்கைக்குச் சட்டக் காரணமும் உண்டு. பிரிட்டனில் 1994-இல் ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ் என்ற வழக்கில், பழைய ஊழியரைப் பற்றிக் கவனக்குறைவாக எழுதிய பரிந்துரையால் அவருக்கு இழப்பு ஏற்பட்டால் எழுதிய நிறுவனம் பொறுப்பேற்க நேரும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. எழுதினால்தானே வம்பு என்று பல நிறுவனங்கள் குறைத்து எழுதப் பழகிக்கொண்டன. இன்னொரு சிக்கல் எல்லோருக்கும் தெரிந்தது: வேறு வேலை தேடுகிறோம் என்பதை இப்போதைய மேலாளரிடம் சொல்லவே முடியாது.

இந்த இடத்தில்தான் வாடிக்கையாளர் வருகிறார். ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அவர். மேலாளருக்குத் தெரிவது நேரத்துக்கு வந்தாரா, அறிக்கை கொடுத்தாரா என்பது. அந்த வேலையால் தன் அலுவலகத்தில் என்ன மாறியது என்பதைச் சொல்லக்கூடியவர் வாடிக்கையாளர்தான்.

திருப்பூரில் ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். சம்பளக் கணக்கு மென்பொருளை நிறுவிப் பராமரித்துக் கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் ஒரு பெண் வேலை செய்கிறார். 600 பேர் வேலை பார்க்கும் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், விரல்ரேகை வருகைப்பதிவையும் சம்பளக் கணக்கையும் இணைத்துக் கொடுத்தவர் அவர். இப்போது கோவையில் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறார். அவருடைய வேலையை அருகிலிருந்து பார்த்தவர் அந்தப் பனியன் கம்பெனியின் கணக்கு மேலாளர்.

அவர் நல்ல மனிதர், வேலையில் திருப்தி உள்ளவர், கேட்டால் தருவார். ஆனால் “சார், எனக்கு ஒரு பரிந்துரை எழுதித் தர முடியுமா?” என்று மட்டும் கேட்டால், “அதுக்கென்னம்மா, தாராளமா” என்பார். பிறகு இரண்டு வாரம் ஒன்றும் வராது. மனம் இல்லாமல் இல்லை. எங்கே தொடங்குவது, எவ்வளவு எழுதுவது, எதைச் சொன்னால் இவருக்கு உதவும் என்று தெரியாமல் தள்ளிப்போடுகிறார். மாதக் கடைசி வந்துவிட்டால் அதுவும் மறந்துபோகும்.

இதற்குப் பலர் கண்டுபிடித்திருக்கும் குறுக்குவழி, முழுக் கடிதத்தையும் தாமே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டுவது. அது தவறான வழி. கடிதம் கேட்பவரின் குரலிலேயே இருக்கும். ஒரே ஆள் இரண்டு பேருக்காக எழுதியிருந்தால் இரண்டிலும் ஒரே சொற்கள் வரும். ஆள் எடுப்பவர்கள் அதை எளிதில் கண்டுகொள்வார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து தொலைபேசி. மனிதவளத் துறையிலிருந்து அழைத்து, “நீங்க எழுதியிருக்கற அந்த இரவு ஷிப்ட் விஷயம் என்னங்க?” என்று கேட்கும்போது, படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் திணறுவார். அந்தத் திணறல் நல்ல வேலைக்காரரையும் பொய்யராகக் காட்டிவிடும்.

இரண்டுக்கும் நடுவே உள்ள வழிதான் குறிப்புகள். வாடிக்கையாளர் திருத்தவும் நீக்கவும் சேர்க்கவும் கூடிய நான்கைந்து வரிகள். அந்தப் பெண் முதலில் போனில் பேசிச் சம்மதம் வாங்கிக்கொண்டு, பிறகு அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சார். போனில் பேசியபடி, மென்பொருள் அமலாக்க வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். வாடிக்கையாளர் அலுவலகத்தில் நேரடியாக வேலை செய்த அனுபவத்தை அங்கே முக்கியமாகப் பார்க்கிறார்கள். உங்களுக்கு நினைவூட்ட சில குறிப்புகள்:

2023 ஜூன் முதல் 2024 மார்ச் வரை உங்கள் யூனிட்டில் வருகைப்பதிவு, சம்பளக் கணக்கு இணைப்பு வேலை செய்தேன்.

முன்பு மாதச் சம்பளக் கணக்கு முடிய 4 நாள் ஆனது. பிறகு ஒன்றரை நாளானது.

முதல் மாதம் இரவு ஷிப்ட் ஓவர்டைம் தவறாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து, சம்பளம் போடுவதற்கு முன் சரிசெய்தேன்.

உங்கள் கணக்குப் பிரிவினர் இரண்டு பேருக்கு பி.எஃப். கோப்பைத் தாங்களே தயாரிக்கக் கற்றுக்கொடுத்தேன்.

இதில் எது சரியில்லையோ அதை மாற்றுங்கள், வேண்டாததை எடுத்துவிடுங்கள். நான் கவனிக்காத ஏதாவது உங்களுக்குத் தோன்றினால் சேருங்கள். பத்து வரி போதும். வசதிப்படாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள் சார்.”

இந்தச் செய்தியில் ‘திறமையான’, ‘அர்ப்பணிப்புள்ள’ போன்ற சொல் ஒன்றுகூட இல்லை. குறிப்பு எழுதும்போது கடைப்பிடிக்க வேண்டிய முதல் விதி அது. தேதி, எண்ணிக்கை, நடந்த சம்பவம் ஆகியவை வாடிக்கையாளர் தன் கோப்பிலோ மின்னஞ்சலிலோ சரிபார்க்கக்கூடியவை. அவற்றைக் கேட்பவர் தரலாம். மதிப்பீடு வாடிக்கையாளருடையது. பாராட்டைக் கேட்பவரே எழுதிக் கொடுத்தால், எதிர்ப்பக்கம் இருப்பவருக்குச் சங்கடம். மறுக்கவும் முடியாது, மனமார ஏற்கவும் முடியாது.

மூன்றாவது குறிப்பு பலருக்கு வியப்பாக இருக்கும். தவறு நடந்ததை ஏன் நாமே நினைவூட்ட வேண்டும்? அங்கே நடந்தது இதுதான்: இரவு 8 மணிக்கு உள்ளே வந்து காலை 6 மணிக்கு வெளியேறியவர்களின் வேலை நேரத்தை, நள்ளிரவில் தேதி மாறியதால் மென்பொருள் இரண்டு நாளாகப் பிரித்துவிட்டது. ஓவர்டைம் காணாமல்போனது. தொழிற்சாலையில் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். அந்த நெருக்கடியில் ஓடி வந்தவரைக் கணக்கு மேலாளர் மறக்கமாட்டார். சிக்கலே இல்லாத வேலையைப் பற்றி வாடிக்கையாளருக்குச் சொல்ல அதிகம் இருக்காது. சிக்கல் வந்தபோது என்ன செய்தார் என்பதைத்தான் புதிய நிறுவனமும் தெரிந்துகொள்ள விரும்புகிறது. அமெரிக்க மேலாண்மைக் கல்லூரிகள் பல பயன்படுத்தும் பொதுப் பரிந்துரைப் படிவத்தில், விண்ணப்பதாரரிடம் நீங்கள் சொன்ன முக்கியமான குறை என்ன, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று தனிக் கேள்வியே உண்டு. புகார் சொன்ன வாடிக்கையாளரால் அதற்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியும்.

இனி அந்தக் கணக்கு மேலாளர் செய்யக்கூடிய திருத்தங்களைப் பாருங்கள். ‘ஒன்றரை நாள்’ என்பதை அடித்து ‘இரண்டு நாள்’ என்கிறார். தீபாவளி போனஸ் மாதத்தில் கூடுதல் நேரம் ஆனது அவருக்கு நினைவிருக்கிறது. பி.எஃப். கோப்பு பற்றிய வரியை நீக்குகிறார்; கற்றுக்கொண்ட இருவரில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பிறகு அவர் சேர்ப்பது இது: முன்பெல்லாம் சம்பள நாளுக்கு மறுநாள் ‘எனக்கு ரெண்டு மணி நேரம் விட்டுப்போச்சுங்க’ என்று கணக்கு அறை வாசலில் தொழிலாளர்கள் வரிசையில் நிற்பார்கள்; இப்போது அந்த வரிசையே இல்லை.

அந்த வரியை அந்தப் பெண்ணால் எழுதியிருக்கவே முடியாது. சம்பள நாளுக்கு மறுநாள் அவர் அங்கே இருந்ததில்லை. கடிதத்தில் மிக வலுவான வரி அதுதான். குறிப்புகளைத் திருத்தும்படி விடுவதன் முழுப் பயனும் இங்கே இருக்கிறது. எண் குறைந்ததும் நல்லதுக்கே. யாராவது போன் செய்து கேட்டால் ‘இரண்டு நாள்’ என்று அவர் தயங்காமல் சொல்வார். அனுப்பிய குறிப்புகள் ஒரு சொல்கூட மாறாமல் அப்படியே கடிதமாகத் திரும்பி வந்தால்தான் யோசிக்க வேண்டும்; அவர் ஊன்றிப் படிக்கவில்லை என்று பொருள். அப்போது ஒருமுறை பேசி, ஒவ்வொரு வரியும் அவருக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது கேட்பது என்பதிலும் கவனம் தேவை. வேலை முடிந்து, பலன் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய ஓரிரு மாதத்தில் கேட்டால் விவரங்கள் பசுமையாக இருக்கும். பில் பாக்கி இருக்கும்போதும், பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும் பேச்சு நடக்கும்போதும் கேட்கக்கூடாது. தள்ளுபடிக்குப் பதிலாகக் கடிதமா என்ற எண்ணம் வாடிக்கையாளருக்கு வந்துவிடும். தன் நிறுவனத்தின் வியாபாரத்தைத் தன் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினார் என்று மேலாளரும் குறை சொல்லலாம்.

கேட்பதற்கு முன் தன் பணி நியமன ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படிப்பது அவசியம். வாடிக்கையாளர் பெயரை வெளியிடக்கூடாது என்ற ரகசியக் காப்பு நிபந்தனை அதில் இருக்கலாம். தொழிலாளர் எண்ணிக்கை, சம்பளத் தொகை போன்றவை வாடிக்கையாளரின் உள்விவரங்கள்; அவர் அனுமதிக்காமல் கடிதத்தில் வரக்கூடாது. அவர் எழுதுவது கம்பெனி லெட்டர்ஹெட்டில் என்றால் முதலாளியின் ஒப்புதல் தேவைப்படும். தனிப்பட்ட முறையில், தன் பெயரும் பதவியும் போட்டு எழுதுவது அவருக்கு எளிது. பல இடங்களில் அதுவே போதும். ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது: இப்போதைய மேலாளருக்கு விஷயம் தெரியாது என்றால், அதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்கள் இருவரும் வாரம் ஒருமுறை பேசிக்கொள்பவர்களாக இருக்கலாம்.

வாடிக்கையாளர் கடிதம் செல்லாத இடங்களும் உண்டு. கனடாவில் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக விண்ணப்பிப்பவர், சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்றால், வேலை கொடுத்த நிறுவனத்தின் கடிதமே வேண்டும். பதவி, செய்த பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் எவ்வளவு புகழ்ந்து எழுதினாலும் அதற்கு ஈடாகாது. சுயதொழில் செய்தவருக்கோ நிலைமை தலைகீழ். அவர் தன் பணிகளைத் தானே எழுதி உறுதிமொழி கொடுத்தால் அங்கே ஏற்பதில்லை. என்ன சேவை செய்தார், எவ்வளவு பணம் பெற்றார் என்பதற்கு வாடிக்கையாளர் போன்ற மூன்றாம் தரப்பினரின் ஆவணங்களைக் கேட்கிறார்கள். மேலாண்மைக் கல்லூரிகள் பெரும்பாலும் மேலாளரின் கடிதத்தையே முதலில் விரும்பினாலும், சொந்தத் தொழில் நடத்துபவருக்கும் மேலாளரிடம் சொல்ல முடியாதவருக்கும் வாடிக்கையாளரை ஏற்பவை உண்டு. ஆனால் விண்ணப்பதாரரே கடிதத்தின் வரைவை எழுதக்கூடாது என்று பல கல்லூரிகள் வெளிப்படையாகத் தடுக்கின்றன. குறிப்புகளோடு நின்றுகொள்வதற்கு இது இன்னொரு காரணம்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரை அணுகுவதே மேல். கடிதம் கைக்கு வந்ததும், விண்ணப்பத்தில் அவருடைய தொலைபேசி எண்ணைக் கொடுக்கலாமா என்று தனியாகக் கேட்க வேண்டும். எழுதித் தரச் சம்மதித்தவர் எல்லோரும் அழைப்புக்குச் சம்மதித்தவர்கள் இல்லை. சம்மதித்தால், எந்த நிறுவனத்திலிருந்து அழைப்பு வரலாம், எந்த வாரத்தில் வரலாம் என்பதையும் கடிதத்தின் நகல் ஒன்றையும் அவருக்கு அனுப்பிவைக்கலாம்.