‘ஐ வொர்க்டு’னு சொன்னா வேலையை விட்டுட்டீங்கனு அர்த்தம்!

இன்டர்வியூ ரோல்-பிளேயில் அக்கவுன்ட்ஸ் வேலைக்குப் பேசுறீங்கனு வெச்சுக்குவோம். இப்பவும் ஒரு கம்பெனியில வேலை பார்க்கறீங்க. முதல் கேள்வி, அனுபவம் பற்றி.

‘மூணு வருஷமா வேலை பார்க்கிறேன்’ என்பதை அப்படியே மாற்றி, ‘ஐ யாம் வொர்க்கிங் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்போம். அது தவறு. ‘ஐ வொர்க்டு ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றாலோ, ‘ஏன் விட்டீங்க?’ என்று அடுத்த கேள்வி வரும். தொடர்கிற வேலைக்கு, ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்பதே சரி. ‘சின்ஸ்’ வேண்டுமா? தொடங்கிய வருடத்தைச் சொல்லுங்கள்: ‘சின்ஸ் 2022’.

செய்த வேலையைச் சொல்லும்போது, ‘ஐ ஹேவ் ஹேண்டில்டு ஜிஎஸ்டி ஃபைலிங்’ எனலாம். வருடத்தைச் சேர்த்தால் ‘ஹேவ்’ போய்விடும்: ‘ஐ ஹேண்டில்டு இட் இன் 2023’.

அடுத்து, எதிர்காலத் திட்டம். கோர்ஸில் ஏற்கெனவே சேர்ந்து, தேதியும் முடிவாகிவிட்டதா? ‘ஐ யாம் ஸ்டார்ட்டிங் எ டேலி கோர்ஸ் இன் ஜூன்’ என்று சொல்லுங்கள். மனதில் முடிவு மட்டும் எடுத்திருந்தால், ‘ஐ யாம் கோயிங் டு லேர்ன் டேலி’. ‘ஐ வில் லேர்ன்’ என்றால், கேள்வி கேட்ட பிறகு அந்த நொடியில் தோன்றிய பதில்போல ஒலிக்கும்.

உங்கள் பதிலை மொபைலில் ரெக்கார்டு பண்ணிக் கேளுங்க. ‘சின்ஸ்’ பக்கத்துல ‘த்ரீ இயர்ஸ்’ வந்தா, மறுபடி சொல்லிப் பாருங்க!