பிடரியைப் பிடிக்காத டாக்டர்

சென்னையின் குடியிருப்புத் தெரு ஒன்றில் இருக்கிறது அந்தச் சின்ன கிளினிக். நாய்களும் பூனைகளும்தான் அதிகம் வருகின்றன. முயலும் கிளியும் எப்போதாவது. பூனைக் கூடைகளைத் தரையில் வைக்க விடுவதில்லை. நாயின் மூக்கு எட்டாத உயரத்தில் அவற்றுக்கென்று ஒரு பலகை உண்டு.

டாக்டர், 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மாடு, ஆடு, குதிரை, கோழி என எல்லாவற்றையும் படித்தால்தான் அங்கே பட்டம். அதன் பிறகு செல்லப்பிராணி மருத்துவத்தில் மேற்படிப்பு. மாநில கால்நடை மருத்துவ மன்றத்தின் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார். எந்த கிளினிக்குக்குப் போனாலும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அன்று ஐந்து வயது ஆண் பூனையோடு ஒரு பெண்மணி வந்தார். “மலச்சிக்கல் போல டாக்டர், நேத்துலேர்ந்து மணல் தட்டுலயே உட்கார்ந்து முக்குது.”

டாக்டர் பூனையை வெளியே இழுக்கவில்லை. கூடையின் மேல்மூடியை மட்டும் கழற்றினார். பூனை அடிப்பாதியிலேயே பதுங்கியிருக்க, அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, துண்டுக்கு அடியில் கைவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஆரஞ்சுப்பழம் போல் உருண்டு இறுகியிருந்தது மூத்திரப்பை.

“மலச்சிக்கல் இல்லைம்மா, மூத்திரம் அடைச்சிருக்கு.”

ஆண் பூனையின் மூத்திரக்குழாய் மிகக் குறுகலானது. சளியும் நுண்ணிய படிகங்களும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கும். இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடலாம். உடனே ரத்தப் பரிசோதனை செய்து, சலைன் ஏற்றி, மயக்கம் கொடுத்துக் குழாய் செருகி அடைப்பை நீக்கினார்கள். மறுபடி அடைக்காமலிருக்க அந்தக் குழாய் ஓரிரு நாள் உள்ளேயே இருந்தது.

பிடரியைப் பிடித்து அழுத்தினால் வேலை சீக்கிரம் முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். மிரண்ட பூனை வயிற்றை இறுக்கிக்கொள்ளும். உள்ளே இருப்பது கைக்குப் புலப்படாது. பயத்திலேயே அதன் ரத்தச் சர்க்கரை ஏறி, இல்லாத நீரிழிவு இருப்பதுபோல் காட்டிவிடும். சரியாக நோயறிவதற்கே மென்மை வேண்டியிருக்கிறது. துண்டுக்கும் அடங்காமல் சீறும் பூனையோடு இவர் மல்லுக்கட்டுவதில்லை. அவசரமென்றால் மயக்க ஊசி போடுவார். அவசரமில்லையென்றால் திருப்பி அனுப்பி, அடுத்த முறை புறப்படும் முன் வீட்டிலேயே கொடுக்கப் பதற்றம் தணிக்கும் மாத்திரை எழுதித் தருவார்.

உங்கள் பங்கும் இதில் உண்டு. மேல்மூடி கழலும் கூடையாக வாங்குங்கள். அதை எப்போதும் வீட்டில் திறந்தே வையுங்கள். பூனை அதில் படுத்துப் பழகட்டும். வரும் வழியில் துணியால் மூடிக் கொண்டுவாருங்கள். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த இரவே கிளம்புங்கள்.